கபோர்டு கதவில் எண்ணெய்ப் பிசுக்கு: எதைக் கொண்டு துடைத்தால் சன்மைக்கா ஓரம் விடாது?

அடுப்புக்குப் பக்கத்திலும் மேலேயும் இருக்கிற கபோர்டு கதவுகளில் பிசுக்கு எடுக்க ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஆப்ப சோடா, வினிகர், மண்ணெண்ணெய், கடையில் விற்கும் ஸ்ப்ரே, நீராவி மெஷின் என்று பட்டியல் நீளும். வினிகரைத் தவிர மற்ற எல்லாமே ஓரளவுக்கு எண்ணெயை எடுக்கத்தான் செய்யும். அதனால் எது நன்றாக எடுக்கும் என்று மட்டும் பார்த்தால் போதாது. நாலைந்து முறை துடைத்த பிறகு கதவின் கீழ் ஓரத்தில் சன்மைக்கா வாய் பிளந்து நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால் ஒரே பொருளை நம்பிக் கதவு முழுவதையும் துடைப்பது சரிவராது. கதவின் முகப்பு தாங்குகிற மருந்தை ஓரம் தாங்காது. ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி ஒரு கோடு போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு உள்ளே பிசுக்கின் வயதைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம். கோட்டுக்கு வெளியே, அதாவது ஓரத்தில், எப்போதும் இருப்பதிலேயே மென்மையானதுதான்.

ஓரம் ஏன் விடுகிறது

சன்மைக்கா என்பது பிசினில் ஊறிய காகித அடுக்குகளை அழுத்திச் செய்த தகடு. பெரும்பாலும் 1 மி.மீ. கனம் இருக்கும். அதன் முகத்தில் தண்ணீரோ சோப்போ எதுவும் செய்யாது. பிரச்சினை, தகடும் பலகையும் சேரும் இடத்தில் இருக்கிறது. வீட்டிலேயே ஆசாரி செய்த கபோர்டில் தகட்டைப் பலகையோடு ஒட்டியது வெள்ளைப் பசை. அது காய்ந்த பிறகும் தொடர்ந்து ஈரம் பட்டால் மெல்ல இளகும். ஓரப்பட்டியைக் கையால் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் மஞ்சள் ரப்பர் பசைதான் போட்டிருப்பார்கள். அதற்குத் தண்ணீர் பெரிய எதிரி இல்லை. ஆனால் தின்னர், பெட்ரோல், டர்பன்டைன் பட்டால் கரைந்துவிடும். ஃபேக்டரியில் செய்த மாடுலர் கதவில் ஓரப்பட்டியைப் பெரும்பாலும் சூடாக உருக்கிய பசையால் மெஷின் ஒட்டுகிறது. சாதாரண வகையாக இருந்தால் அது சுமார் 70, 80 டிகிரிச் சூட்டில் மறுபடி இளக ஆரம்பிக்கும்.

ஆக, முதல் வகைக்குத் தண்ணீர் ஆகாது, இரண்டாவதற்குக் கரைப்பான் ஆகாது, மூன்றாவதற்குச் சூடு ஆகாது. நம் வீட்டுக் கதவில் எந்தப் பசை இருக்கிறது என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால், மூன்றையுமே ஓரத்திலிருந்து தள்ளி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

இதில் தண்ணீர் செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கதவின் மீது ஸ்ப்ரே அடித்ததும் திரவம் வழிந்து கீழ் விளிம்பில் போய் சொட்டாகத் தொங்கும். அங்கே தகட்டுக்கும் ஓரப்பட்டிக்கும் நடுவில் முடியளவு இடைவெளி இருந்தால் போதும், சொட்டு தானாகவே உள்ளே ஏறிவிடும். உள்ளே எம்.டி.எஃப். அல்லது பார்ட்டிகிள் போர்டு இருந்தால் அது உப்பி, தகட்டை வெளியே தள்ளும். உப்பிய பலகை காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. பிளைவுட் அவ்வளவு உப்பாது என்றாலும் பசை இளகும். முதலில் விடுவது பெரும்பாலும் கீழ் ஓரத்து மூலையாகத்தான் இருக்கும். அதற்குக் காரணம் ஒட்டிய ஆசாரி மட்டும் அல்ல, ஸ்ப்ரே அடித்த கையும்தான்.

பிசுக்கின் வயது

தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் எழும்பும் எண்ணெய்த் திவலைகள் கதவில் மெல்லிய படலமாகப் படிகின்றன. முதல் சில நாள் அது வெறும் எண்ணெய். பிறகு காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து, எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பசையாகின்றன. தூசும் வந்து ஒட்டும். அடுப்புச் சூடு பட்டால் இது வேகமாக நடக்கும். கடைசியில் வார்னிஷ் போல மஞ்சளாக இறுகிவிடும்.

எந்த எண்ணெயில் சமைக்கிறீர்கள் என்பதும் இதில் இருக்கிறது. சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் பசையாகிற வகை. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அதைவிட மெதுவாக. தேங்காய் எண்ணெய் கிட்டத்தட்ட பின்னிக்கொள்வதே இல்லை. வழவழப்பாகவே கிடக்கும், சோப்புத் தண்ணீருக்கே போய்விடும். சூரியகாந்திக்கு மாறிய பிறகு கதவு அதிகமாக ஒட்டுகிறது என்று தோன்றினால் அது பிரமை அல்ல.

விரலால் தொட்டே வயதைச் சொல்லிவிடலாம். விரல் வழுக்கிக்கொண்டு போய் கோடு விழுந்தால் பிசுக்கு புதிது. விரல் ஒட்டி இழுத்தால், விரல் நுனியில் சாம்பல் நிற அழுக்கு வந்தால், நடுத்தரம். விரலில் எதுவும் வராமல், நகத்தால் சுரண்டினால் மட்டும் மஞ்சளாகச் சுருண்டு வந்தால் அது இறுகிப்போன பழசு. ஒரே கதவில் மூன்றும் இருக்கலாம். அடுப்பை ஒட்டிய பக்கம் பழசாகவும் மறுபக்கம் புதிதாகவும் இருப்பது சாதாரணம்.

பாத்திரம் கழுவும் திரவம்

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் திரவம். கை தாங்குகிற சூடு போதும், கொதிக்க வேண்டாம். புதிய பிசுக்குக்கும் நடுத்தரப் பிசுக்கில் பெரும்பகுதிக்கும் இதுவே போதும். சன்மைக்கா, அக்ரிலிக், பி.யூ. பெயின்ட், மெம்பிரேன் என எந்த மேல்பரப்புக்கும் ஆபத்து இல்லை. பசையையும் கரைக்காது. ஓரத்துக்கு இதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

இது வேலை செய்யவில்லை என்று பலர் கைவிடுவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நேரம் கொடுப்பதில்லை. துடைத்த கையோடு எடுத்துவிட்டால் சோப்பு எண்ணெய்க்குள் புகாது. நனைத்துப் பிழிந்த துணியைக் கதவின் மீது ஒட்டினாற்போல் விரித்து மூன்று நிமிடம் விட வேண்டும். இன்னொன்று, திரவத்தை அளவுக்கு மேல் ஊற்றுவது. மிச்சம் நிற்கும் சோப்பே ஒரு படலமாகி அடுத்த நாள் தூசைப் பிடிக்கும். இன்னும் பிசுக்கு போகவில்லை என்று நினைத்து மறுபடி சோப்புப் போடுவார்கள், இன்னும் ஒட்டும்.

ஆப்ப சோடாவும் சலவை சோடாவும்

இரண்டையும் ஒன்றாக நினைப்பது பெரிய குழப்பம். ஆப்ப சோடாவின் காரத்தன்மை மிகக் குறைவு, பி.எச். எட்டை ஒட்டித்தான் இருக்கும். அது பிசுக்கை எடுப்பது ரசாயனத்தால் என்பதைவிடத் தேய்ப்பால்தான். பொடி நறநறவென்று உராய்ந்து எடுக்கிறது. மேட் சன்மைக்காவில் இது பெரிதாகத் தெரியாது. பளபளப்பான கதவில் வட்ட வட்டமாக மெல்லிய கீறல் விழும், சாய்ந்த வெளிச்சத்தில் அப்பட்டமாகத் தெரியும். குழைத்துப் பூசினால் ஓர இடுக்குகளில் வெள்ளையாகத் தங்கிவிடும். அதை எடுக்க மறுபடி தண்ணீரோடு போராட வேண்டும், அது ஓரத்துக்குக் கெடுதி. கதவுக்கு ஆப்ப சோடாவைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

சலவை சோடா வேறு ஆள். அதன் கரைசலின் பி.எச். பதினொன்றை ஒட்டி இருக்கும். பின்னிக்கொண்ட எண்ணெயை உடைத்து ஓரளவு சோப்பாகவே மாற்றிவிடும். இறுகிய மஞ்சள் பிசுக்குக்கு வீட்டில் கிடைப்பதில் இதற்கு நிகர் இல்லை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், தட்டையாக அளந்து, முழுக்கக் கரைத்த பிறகு. கையுறை கட்டாயம். துணியில் நனைத்துப் பிழிந்து, முகப்பில் மட்டும், இரண்டு அல்லது மூன்று நிமிடம். பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் இரண்டு முறை.

இதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அலுமினியக் கைப்பிடியிலும், கதவின் மேலோ கீழோ ஓடும் அலுமினியப் பட்டையிலும் பட்டால் நிறம் மங்கிக் கறுக்கும், திரும்ப வராது. பி.யூ. பெயின்ட் கதவிலும் மரத்துக்கு மேல் பாலிஷ் போட்ட கதவிலும் பூச்சு மங்கும். சரியாகத் துடைக்காவிட்டால் காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும்.

கடை ஸ்ப்ரே

சமையலறை டிகிரீசர்கள் பெரும்பாலும் காரமும் கொஞ்சம் கரைப்பானும் கலந்தவை. பழைய பிசுக்கில் வேகமாக வேலை செய்யும், சலவை சோடாவைவிட உழைப்புக் குறைவு. விலையைத் தவிர எதிர்ப்பு ஒன்றுதான்: பாட்டிலின் வடிவமே கதவின் மீது நேராக அடிக்கத் தூண்டுகிறது. துணியில் அடித்து, அந்தத் துணியால் முகப்பைத் துடையுங்கள். அப்படிச் செய்தால் சலவை சோடாவுக்கு இணையான தேர்வு. கதவில் அடித்தால் ஓரத்துக்கு எல்லாவற்றையும்விட மோசம், ஏனென்றால் காரமும் கரைப்பானும் தண்ணீரும் சேர்ந்தே இடுக்கில் இறங்கும். நூறு ரூபாய்க்கு வாங்கினாலும் முதலில் கதவின் உள்பக்கத்தில், கீல் மறைக்கும் இடத்தில், காசளவு பகுதியில் சோதித்துப் பாருங்கள்.

வேண்டாதவை

வினிகரும் எலுமிச்சையும் அமிலம். உப்புத் தண்ணீர்க் கறைக்கு நல்லது, எண்ணெய்ப் பிசுக்கில் அவற்றுக்கு வேலையே இல்லை. ஆப்ப சோடாவோடு வினிகரைக் கலந்தால் நுரை பொங்குவதைப் பார்த்து ஏதோ நடக்கிறது என்று தோன்றும். நடப்பது ஒன்றுதான்: இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு கிட்டத்தட்ட உப்புத் தண்ணீராக மிஞ்சுகின்றன.

மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன் பிசுக்கை அழகாகக் கரைக்கும், கூடவே ரப்பர் பசையையும். தீப்பிடிக்கும் ஆவி அடுப்பறையில் நிற்பது தனி ஆபத்து. ஸ்பிரிட்டும் சானிடைசரும் சன்மைக்காவைக் கெடுக்காது. ஆனால் அக்ரிலிக் கதவில், அதுவும் வெட்டிய விளிம்பில், நுண்ணிய விரிசல் விழச் செய்யும்.

நீராவி மெஷினைப் பார்த்து மயங்க வேண்டாம். முனையில் நூறு டிகிரியை ஒட்டிய ஆவி, உருக்கி ஒட்டிய பசை தாங்குவதைவிடச் சூடு. ஓரப்பட்டி மேல் சில விநாடி காட்டினாலே இளகலாம், ஈரமும் கூடவே உள்ளே போகிறது. டைல்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கம்பி நாரும் பச்சை ஸ்க்ரப்பரும் சொல்லவே வேண்டாம். வெள்ளை மேஜிக் ஸ்பான்ஜ் மென்மையாகத் தோன்றினாலும் அதுவும் நுண்ணிய உப்புத்தாள்தான், பளபளப்பைத் தின்றுவிடும்.

இந்தப் பட்டியலில் சேராத ஒன்று உண்டு: சமையல் எண்ணெயே. இறுகிய பிசுக்கு ஓரத்தை ஒட்டி இருக்கும்போது, அங்கே சோடா கூடாது என்பதால், பஞ்சில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவிப் பத்து நிமிடம் விட்டால் பழைய படலம் கொஞ்சம் இளகும். பிறகு சோப்புத் துணியால் இரண்டையும் சேர்த்து எடுத்துவிடலாம். மெதுவான வழி. ஆனால் தண்ணீர், கரைப்பான், சூடு மூன்றையும் தவிர்த்துப் பழைய பிசுக்கைத் தொடுவதற்கு வேறு நல்ல வழி இல்லை. ஓரம் ஏற்கெனவே திறந்திருந்தால் இதையும் செய்ய வேண்டாம், எண்ணெய் உள்ளே போனால் அங்கே மறுபடி பசை பிடிக்காது.

ஒரு கதவை எடுத்துக்கொள்வோம்

சிம்னிக்குப் பக்கத்தில், ஒன்றரை அடி அகலம், இரண்டரை அடி உயரம், பிளைவுட்டில் கிரீம் நிற மேட் சன்மைக்கா, ஆசாரி கையால் ஒட்டிய ஓரப்பட்டி. ஒரு வருடமாகச் சரியாகத் துடைக்கவில்லை. கீழ்ப் பாதி மஞ்சளாக இறுகியிருக்கிறது, மேல் பாதி ஒட்டுகிறது. ஜன்னல் வெளிச்சம் நல்லதாக இருக்கும்போது, அடுப்பை அணைத்து ஆறவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் நகத்தை நான்கு ஓரங்களிலும் மெல்ல ஓட்டிப் பாருங்கள். எங்கேயாவது நகம் தட்டினாலோ அழுத்தும்போது 'டக்' என்று சத்தம் வந்தாலோ அந்த இடம் விட ஆரம்பித்திருக்கிறது. அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். அந்தப் பகுதியை இன்று உலர்ந்த துணியால் மட்டும் தொட வேண்டும்.

அடுத்து உலர்ந்த துணியால் தூசியை எடுங்கள். ஈரத்தோடு தொடங்கினால் தூசும் எண்ணெயும் சேர்ந்து சேறாகிக் கதவெங்கும் பரவும். பிறகு மேல் பாதிக்குச் சோப்புத் தண்ணீர். பழைய பனியன் துணியை நனைத்து, முறுக்கினால் ஒரு சொட்டுகூட விழாத அளவுக்குப் பிழிந்து, விரித்து ஒட்டி மூன்று நிமிடம் விட்டுத் துடைத்தெடுங்கள். துணியின் பக்கத்தை அடிக்கடி மாற்றுங்கள். மஞ்சளான பக்கத்தாலேயே தொடர்ந்து துடைத்தால் இளகிய எண்ணெயை மறுபடி பூசுகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

கீழ்ப் பாதிக்குச் சலவை சோடா. நான்கு பக்கமும் ஓர் அங்குலம் விட்டு நடுவில் மட்டும் துணியை ஒட்டுங்கள். மூன்று நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் துணியில் தேநீர் நிறம் ஏறியிருக்கும். அப்படி இருந்தால் வேலை நடக்கிறது. நிறமே ஏறவில்லை என்றால் நேரத்தைக் கூட்டாமல் இன்னொரு முறை புதிதாகச் செய்யுங்கள். ஒரு வருடப் பிசுக்குக்கு இரண்டு, மூன்று சுற்று ஆகும். அதற்காகச் சோடாவை இரட்டிப்பாகப் போடுவதில் லாபம் இல்லை, துடைத்தெடுக்கும் வேலைதான் கூடும்.

ஓரத்தைக் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீரில் லேசாக நனைத்துப் பிழிந்த சிறு துண்டை விரலில் சுற்றி, ஓரத்தின் நீளத்துக்கு ஒரே திசையில் இழுக்க வேண்டும். வெளியிலிருந்து உள்ளே தள்ளித் துடைத்தால் துணி நூல் பட்டியின் விளிம்பில் மாட்டும். மாட்டிய நூலை இழுக்கும்போதுதான் பல இடங்களில் முதல் பிளவு உண்டாகிறது. கீழ் விளிம்பின் அடிப்பக்கத்தையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு அடி துடைத்ததும் மறுகையில் உள்ள உலர்ந்த துணியால் உடனே ஒற்றிவிடுங்கள்.

வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் கதவு முழுவதையும் இரண்டு முறை துடைத்து, உலர்த்தி, கதவைத் திறந்த நிலையில் மின்விசிறிக் காற்றில் அரை மணி நேரம் விடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், பசைக்குச் சூடு ஆகாது. எல்லாம் சேர்த்து ஒரு கதவுக்கு முக்கால் மணி நேரம், காய்வது தனி.

காய்ந்த பிறகு பார்க்க வேண்டியது

கதவை மூடி, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். வெள்ளையாகப் புகைபோல் தெரிந்தால் சோடா மிச்சம் நிற்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வினிகர் கலந்து பிழிந்த துணியால் முகப்பைத் துடைத்தால் போய்விடும், வினிகருக்கு உள்ள ஒரே வேலை இதுதான். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டால் மறுபடி ஒட்டினால், சோப்பு மிச்சமாகவோ அழுக்குத் துணியால் பரப்பிய எண்ணெயாகவோ இருக்கும். சுத்தமான துணியும் வெறும் தண்ணீரும் போதும். ஒரே இடத்தில் பளபளப்பு குறைந்து மங்கலாகத் தெரிந்தால் அது கீறல், துடைத்துச் சரியாகாது.

ஓரத்தை ஒட்டிக் கோடுபோல் நிறம் அடர்ந்து தெரிந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. அன்று முழுவதும் கதவைத் திறந்தே வைத்துக் காற்றாட விடுங்கள். மறுநாள் நகம் ஓட்டிப் பாருங்கள். பட்டி தூக்கியிருந்தால், இடுக்கில் உள்ள எண்ணெயை உலர்ந்த துணியால் எடுத்து, முழுக்கக் காய்ந்த பிறகு ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவுங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் தொட்டால் கையில் ஒட்டாத பக்குவம் வரும். அப்போது சேர்த்து அழுத்தி, மாஸ்கிங் டேப் போட்டு ஒரு நாள் விட வேண்டும். ஈரம் இருக்கும்போதே ஒட்டினால் ஒரு மாதம்கூட நிற்காது. பலகையே உப்பியிருந்தால் ஒட்டிப் பயனில்லை, ஆசாரியைக் கூப்பிட்டு அந்த விளிம்பைச் சீவிப் புதுப் பட்டி போடச் சொல்லுங்கள்.

மெம்பிரேன் கதவு வைத்திருப்பவர்கள் சலவை சோடா, ஸ்ப்ரே இரண்டையும் விட்டுவிட்டுச் சோப்புத் தண்ணீரோடு நின்றுகொள்வது நல்லது. அதில் முன்பக்கமும் நான்கு ஓரமும் இணைப்பே இல்லாமல் ஒரே பிளாஸ்டிக் தோலாக மடிந்திருக்கும், பின்பக்கம் வேறாக இருக்கும். அந்தத் தோல் பின் விளிம்பில் ஒருமுறை உரிந்தால் ஓரப்பட்டிபோல் தனியாக மாற்ற முடியாது, கதவையே மாற்ற வேண்டிவரும்.